பேக்கப் டிஸ்க்கைப் பூட்ட: பிட்லாக்கரா, வெராகிரிப்டா?

குன்னூரில் கல்யாணப் படம் எடுக்கும் நண்பர், பேக்கப் வைத்திருக்கும் 2 டிபி ஹார்ட் டிஸ்க்கை எதை வைத்துப் பூட்டலாம் என்று கேட்டார். அவருடையது விண்டோஸ் ஹோம் லேப்டாப். ஆல்பம் டிசைன் செய்பவரிடம் இருப்பதோ மேக். பாதி முடிவு இதிலேயே வந்துவிடுகிறது.

விண்டோஸிலேயே வரும் பூட்டான பிட்லாக்கர் சுலபம். டிரைவின் மேல் ரைட் கிளிக் செய்து பாஸ்வேர்டு கொடுத்தால் சரி. ஆனால் புதிதாகப் பூட்ட விண்டோஸ் ப்ரோ வேண்டும். ஹோமில் ஏற்கெனவே பூட்டியதைத் திறக்கத்தான் முடியும். மேக் தானாகத் திறக்காது. பாஸ்வேர்டு மறந்தால் கைகொடுக்க 48 இலக்க மீட்புச் சாவி ஒன்று தருவது இதன் பெரிய வசதி. அந்தத் தாளை டிஸ்க்கின் பவுச்சிலேயே மடித்து வைப்பவர்களை என்ன செய்வது?

வெராகிரிப்ட் இலவச மென்பொருள், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். ஆனால் பாஸ்வேர்டு போனால் போனதுதான், மீட்புச் சாவி கிடையாது. டிஸ்க் முழுவதையும் இதில் பூட்டினால் இன்னொரு ஆபத்து இருக்கிறது. செருகியதும் விண்டோஸ் அதை வெற்று டிஸ்க் என்று நினைத்து இப்படிக் கேட்கும்:

```
You need to format the disk in drive E: before you can use it.
```

கடைப் பையன் ஃபார்மட்டை அழுத்தினால் தொடக்கத்தில் உள்ள, பூட்டைத் திறக்கத் தேவையான ஹெடர் அழிந்துவிடும். கடைசியில் இருக்கும் அதன் நகலை `Restore Volume Header` மூலம் மீட்கப் பார்க்கலாம். ஆனால் வேறு எதன் மேல் எழுதப்பட்டதோ அது திரும்பாது.

அதனால் நண்பருக்கு நான் சொன்னது வெராகிரிப்ட் கண்டெய்னர்: டிஸ்க்கை விண்டோஸும் மேக்கும் படிக்கும் எக்ஸ்ஃபாட் ஃபார்மட்டில் வைத்து, அதற்குள் 1.5 டிபியில் பூட்டிய ஒரே கோப்பு. ஃபாட்32 ஃபார்மட் என்றால் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்டாது. உள்ளேயும் எக்ஸ்ஃபாட் என்றால் மேக்கிலும் எழுதலாம். யாராவது அந்தக் கோப்பையே டெலிட் செய்துவிடலாம் என்பது குறைதான். இருந்தாலும் ஃபார்மட் கேள்வியை விட இது மேல்.

பாஸ்வேர்டுக்கு, தொடர்பே இல்லாத ஆறு சொற்களைக் குலுக்கலில் எடுத்து ஆங்கில எழுத்தில் அடிப்பது நல்லது. எல்லா லேப்டாப்பிலும் தமிழ் கீபோர்டு இருக்காதே.

அதை எங்கே வைப்பது? போனில் என்றால், போனும் லேப்டாப்பும் டிஸ்க்கும் ஒரே பையில்தான் மண்டபத்துக்குப் போகின்றன. காகிதமே மேல். மேட்டுப்பாளையத்தில் இருக்கும் அக்கா வீட்டில் வைக்கலாம் என்றார் நண்பர். திருட்டுக்கும் தீக்கும் தப்பும். ஆனால் ஐப்பசி மழையில் மண் சரிந்து பாதை அடைத்தால்? அக்கா போனில் படித்துச் சொல்லலாம். பாதை திறந்ததும் பாஸ்வேர்டை மாற்றிவிட வேண்டும். நான் சொன்னது ஊட்டியில் மாமா வீட்டிலும் ஒரு நகல் வைக்கும்படி. ஜெல் பேனா வேண்டாம், மலை ஈரத்தில் ஊறிவிடும், பால்பாயிண்ட் போதும். லேமினேஷன் கடைக்கும் கொண்டுபோக வேண்டாம், அங்கே நாலு பேர் படிப்பார்கள். இது எந்த டிஸ்க்குக்கு என்று தாளில் எழுதவே கூடாது.

படங்களை ஏற்றுமுன், அந்தத் தாளை மட்டும் பார்த்து டிசைனரின் மேக்கில் கண்டெய்னரை ஒருமுறை திறந்து பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.