தஞ்சாவூர் ஓவியத்தைப் படமெடுக்க எது சரி: நிழல் வெளிச்சமா, இரண்டு விளக்கா, போலரைசரா?

அச்சுப் பிரதிக்காக ஓவியங்களைப் படமெடுப்பவர்களுக்கு தஞ்சாவூர் ஓவியம்தான் பெரிய சோதனை. வண்ணம் தீட்டிய பகுதி ஒன்று, மேடாக எழும்பிய மக்கு வேலையின் மேல் ஒட்டிய தங்க ரேக்கு ஒன்று, நடுநடுவே பதித்த கற்கள் என்று ஒரே பலகையில் மூன்று விதமான பரப்பு இருக்கிறது. மூன்றும் வெளிச்சத்தை மூன்று விதமாகத் திருப்பி அனுப்பும். 18×15 அங்குலத்தில், படுத்த வாக்கில் ஒரு வெண்ணெய் கிருஷ்ணன் ஓவியம் இருப்பதாக வைத்துக்கொண்டு, வழக்கத்தில் உள்ள மூன்று முறைகளையும் பார்ப்போம். ஃப்ரேமின் கண்ணாடியை முதலில் கழற்றிவிட வேண்டும். அது இருக்கும்வரை எந்த முறையும் உதவாது.

வீட்டு முற்றத்து நிழலில், வெயில் நேராக விழாத இடத்தில் வைத்து எடுப்பது முதல் முறை. செலவே இல்லை, வெளிச்சமும் ஓரளவு சமமாகப் பரவும். வார்னிஷ் பூசாத நீர்வண்ண ஓவியத்துக்கு இது போதும். ஆனால் திறந்த வானம் என்பது ஒரு மாபெரும் விளக்கு. அது எல்லாப் பக்கத்திலிருந்தும் ஓவியத்தின் மேல் மெல்லிய வெண்படலமாகப் பிரதிபலிக்கும். தனியாக ஒரு பளபளப்புப் புள்ளி தெரியாததால் பலரும் இதைக் கவனிப்பதில்லை. படத்தில் கருப்பு சாம்பலாகவும், அடர் சிவப்பு பால் கலந்ததுபோலவும் இருந்தால் காரணம் இதுதான். மேகம் நகர்ந்தால் நிறமும் மாறும். அதனால் ஒவ்வொரு படத்திலும் நிற அட்டை இருந்தாக வேண்டும். தஞ்சாவூர் ஓவியத்துக்கு இந்த முறையை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இரண்டாவது, இருட்டிய அறையில் இருபக்கமும் 45 டிகிரியில் இரண்டு விளக்குகள். பெரும்பாலான ஓவியங்களுக்கு இதுதான் அடிப்படை முறை. இதில் பலர் சறுக்குவது தூரத்தில். இடம் இல்லையென்று விளக்கை ஓவியத்தின் நடுவிலிருந்து 60 செ.மீ. தூரத்தில் வைத்தால், நம் 18 அங்குல ஓவியத்தில் இடது வலது ஓரங்கள் நடுப்பகுதியைவிட ஏறக்குறைய 30 சதவீதம் கூடுதல் வெளிச்சம் வாங்கும். அதே விளக்குகளை ஒன்றரை மீட்டருக்குத் தள்ளினால் வித்தியாசம் 5 சதவீதத்துக்கு வந்துவிடும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். அதனால் ஓவியம் இருக்கும் இடத்தில் முதலில் ஒரு வெள்ளை சார்ட் பேப்பரை ஒட்டிப் படமெடுத்து, நான்கு மூலைகளிலும் நடுவிலும் பிரகாசத்தைக் காட்டும் எண்களை ஒப்பிட்டுப் பார்த்துவிட வேண்டும்.

கேமரா ஓவியத்துக்கு நேராக நிற்கிறதா என்பதற்கும் ஒரு எளிய வழி உண்டு. ஓவியம் சாய்ந்திருக்கும் பலகையில் ஒரு சிறு கண்ணாடியைத் தட்டையாக ஒட்டி வ்யூஃபைண்டரில் பாருங்கள். அந்தக் கண்ணாடியில் உங்கள் லென்ஸின் பிம்பம் வ்யூஃபைண்டரின் நடுவில் தெரிந்தால் சரி.

45 டிகிரி என்பது தட்டையான பரப்புக்கான கணக்கு. தூரிகைத் தடமோ மக்கு வேலையோ சுமார் 22 டிகிரி சாய்ந்திருந்தாலே போதும், விளக்கின் ஒளி நேராக லென்ஸுக்குள் வந்துவிடும். அப்போது ஒவ்வொரு மேட்டின் விளிம்பிலும் ஒரு வெள்ளைக் கீறல் விழும். விளக்கை எவ்வளவு நகர்த்தினாலும் அது ஒரு மேட்டை விட்டு இன்னொரு மேட்டுக்குப் போகுமே தவிர ஒழியாது.

அங்கேதான் மூன்றாவது முறை வருகிறது. ஒரு திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் வடிகட்டிதான் போலரைசர். இரு விளக்குகளுக்கு முன்னாலும் போலரைசர் தாளை ஒரே திசையில் பொருத்தி, லென்ஸில் இன்னொரு போலரைசரை மாட்டிச் சுழற்றுவது. டிஃப்யூசர் இருந்தால் தாள் அதற்கு வெளியே இருக்க வேண்டும். உள்ளே வைத்தால் பலன் போய்விடும். எந்த இடத்தில் நிறுத்துவது என்பதை வார்னிஷின் மினுக்கத்தை வைத்தே முடிவு செய்யலாம். ஓவியத்தின் பக்கத்தில் ஒரு எவர்சில்வர் ஸ்பூனை வைத்தால் இன்னும் எளிது. அதில் தெரியும் விளக்கின் பிம்பம் அணைந்துபோகும் இடத்தில் நிறுத்துங்கள். வெளிச்சம் எட்டில் ஒரு பங்குக்குக்கூட இறங்கலாம். ஓவியம் அசையப்போவதில்லை, அதனால் டிரைபாட் போட்டு ISO 100, f/8 என்றே வைத்து ஷட்டர் நேரத்தை நீட்டினால் போதும்.

வார்னிஷ் பூசிய எண்ணெய் வண்ண ஓவியத்துக்கு இதற்கு இணை இல்லை. ஆனால் தஞ்சாவூர் ஓவியத்தை இப்படி எடுத்தால் தங்கம் முழுவதும் கரும்பழுப்பாகிவிடும். வண்ணம் ஒளியை உள்வாங்கிச் சிதறடித்து அனுப்புவதால் போலரைசரைத் தாண்டி வருகிறது. உலோகத்திலோ நமக்குத் தெரிவதே பிரதிபலிப்புதான். அதைத் தடுத்துவிட்டால் அங்கே பார்க்க ஒன்றும் மிஞ்சாது. சரி, போலரைசர் இல்லாமல் 45 டிகிரியில் எடுத்தால்? மேடுகளில் கீறல் கீறலாகப் பளபளக்கும், தட்டையான தங்கமோ அப்போதும் கருப்பாகவே இருக்கும். அதற்கு எதிரே இருப்பது இருட்டறைதானே, அதைத்தான் காட்டும்.

அதனால் நான் சொல்வது, கேமராவை அசைக்காமல் இரண்டு படங்கள். முதல் படம் போலரைசர் முறையில், வண்ணத்துக்காக. இரண்டாவது தங்கத்துக்காக. அதற்கு லென்ஸைச் சுற்றி ஒரு வெள்ளை வேட்டியைத் திரைபோலக் கட்டி, லென்ஸுக்கு மட்டும் துளை விட்டு, இரண்டு விளக்குகளையும் வேட்டியின் பக்கம் திருப்ப வேண்டும். திரை ஓவியத்தைவிட இரு மடங்கு நீள அகலம் இருந்தால்தான் ஓரத்துத் தங்கத்துக்கும் பிரதிபலிக்க வெள்ளை கிடைக்கும். லென்ஸ் துளையின் கருநிழல் நடுவில் விழும். அங்கே பெரும்பாலும் கிருஷ்ணனின் உடல்தான், தங்கம் இல்லை. லென்ஸ் போலரைசரைக் கழற்றப் போய் கேமராவை அசைத்துவிடாதீர்கள். அது கொஞ்சம் வெளிச்சத்தைத் தின்னும், அவ்வளவுதான். அப்புறம் கணினியில் முதல் படத்தின் மேல் இரண்டாவதை அடுக்கி, மாஸ்க் போட்டு, தங்கமும் கல்லும் உள்ள இடங்களை மட்டும் தெரியவிடலாம்.

நிற அட்டை விஷயத்தில் இந்த முறைகளுக்குள் ஒரு முக்கியமான வேறுபாடு இருக்கிறது. 24 கட்டம் கொண்ட அட்டையை ஓவியம் இருந்த அதே தளத்தில் வைத்து, ரா கோப்பாக எடுத்து, சாம்பல் கட்டத்தில் வெள்ளைச் சமநிலையைச் சரிசெய்கிறோம். சாம்பல் சரியாக வந்தபின்னும் சிவப்புக் கட்டம் மங்கலாக இருந்தால் குறை விளக்கில் இருக்கிறது. நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்று சொல்லும் சிஆர்ஐ எண் 95க்கு மேல் உள்ள விளக்காக மாற்றுங்கள். விளக்கின் நிறக்கோளாறைத்தான் அட்டையால் காட்ட முடியும், ஓவியப் பரப்பின் மினுக்கத்தை அல்ல. போலரைசர் அந்த மினுக்கத்தை முழுக்க உரித்துவிடுவதால், அட்டை கச்சிதமாகப் பொருந்தினாலும் ஓவியத்தின் நிறங்கள் நேரில் பார்ப்பதைவிட ஆழமாக இருக்கும். ஓவியர் "என் நீலம் இவ்வளவு கருக்கலாக இருக்காதே" என்றால் அவர் சொல்வது உண்மை. லென்ஸ் போலரைசரைச் சில டிகிரி பின்னால் திருப்பி, கொஞ்சம் மினுக்கத்தை உள்ளே விட்டால் நேரில் பார்த்ததற்கு நெருங்கி வரும். எதை மாற்றினாலும் அதே அமைப்பில் அட்டையையும் மறுபடி எடுக்க வேண்டும்.

தங்கப் படத்தில் இன்னொன்றைக் கவனியுங்கள். திரை முழுவதும் ஒரே வெண்மையாக இருந்தால் தங்கம் வெறும் மஞ்சள் பெயின்டாகத் தெரியும். அச்சு மையால் மின்ன முடியாது. வெளிச்சத்திலிருந்து இருளுக்கு இறங்கும் சாயல்தான் அங்கே தங்கம் என்று கண்ணுக்குச் சொல்லும். விளக்குகளை வேட்டியின் மேல்பாதியை நோக்கித் திருப்பிவிட்டால், கீழ்ப்பாதி தானாகவே மங்கி அந்தச் சாயல் கிடைத்துவிடும்.