இணைப்புக்குள்ளேயே கோப்பின் வகையும் அளவும்: பயன்படுத்திப் பார்த்ததில் கண்டவை

கிருஷ்ணகிரிப் பகுதி மா விவசாயிகளுக்கான சிறிய இணையதளம் ஒன்றைச் சில ஆண்டுகளாகப் பராமரித்து வருகிறேன். உர அட்டவணை, மருந்து தெளிப்புக் குறிப்பு, விண்ணப்பப் படிவம் என்று தரவிறக்கும் கோப்புகளே அதில் அதிகம். முன்பு எல்லாவற்றுக்கும் "இங்கே கிளிக் செய்யவும்" என்றே இணைப்பு இருந்தது. இப்போது இப்படி எழுதுகிறோம்:

```html
<a href="uram.pdf">மா உர அட்டவணை (பிடிஎஃப், 2.4 எம்பி)</a>
```

அடைப்புக்குறிப் பகுதி `</a>` என்பதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. அதை வெளியே எழுதினாலும் கண்ணுக்கு ஏறக்குறைய ஒன்றுபோலத்தான் தெரியும். ஆனால் பர்கூரில் உள்ள பார்வையற்ற தம்பி ஒருவர், என்விடிஏ திரைவாசிப்பானில் `Insert+F7` அழுத்தி, பக்கத்தின் இணைப்புகளை மட்டும் பட்டியலாகக் கேட்பவர். பட்டியலில் இணைப்பின் சொற்கள் மட்டுமே வரும்; பக்கத்தில் இருக்கும் வாக்கியம் வராது. "வெளியே எழுதினால் எனக்குக் கேட்காது அண்ணா. என்ன வரப்போகிறது என்று தெரியாமலேயே அழுத்த வேண்டியிருக்கும்" என்றார்.

அளவின் அருமை அஞ்செட்டி மலைப்பக்கம் இருப்பவர்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். அந்த உர அட்டவணை முதலில் 18 எம்பி. நொடிக்கு 100 கிலோபிட் அளவுக்கு வேகம் இறங்கிவிடும் இடத்தில் அது இறங்க 24 நிமிடம் ஆகும். இணைப்பில் 18 என்று எழுத வேண்டி வந்தபோதுதான் கோப்பையே திறந்து பார்க்கத் தோன்றியது. பக்கங்கள் வண்ணத்தில், 300 டிபிஐயில் ஸ்கேன் செய்யப்பட்டிருந்தன. கறுப்பு வெள்ளை அட்டவணைக்கு வண்ணம் எதற்கு? சாம்பல் நிறத்தில் 150 டிபிஐயாகக் குறைத்ததும் 2.4 எம்பிக்கு வந்தது. டிபிஐ பாதியானால் புள்ளிகள் கால்பங்காகிவிடும். இப்போது அதே வேகத்தில் மூன்று நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஆகிறது. எழுத்து தெளிவாகவே இருக்கிறது.

வகையைச் சொல்வதும் வீண் அல்ல. யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருவில் தட்டிய வேர்டு கோப்பு, அந்த எழுத்துரு இல்லாத கைபேசியில் புரியாத குறிகளாகத் திறக்கும். வேர்டு என்று முன்பே தெரிந்தால், அதைக் கணினியில் திறக்கலாம் என்று ஒதுக்கி வைக்கிறார்கள்.

குறை என்றால், கோப்பை மாற்றும்போது எண் பழையதாகவே நின்றுவிடுவது. பொய்யான எண், எண்ணே இல்லாததைவிடக் கெடுதல். தளம் பிஎச்பியில் ஓடினால் `filesize()` கொண்டு அளவைத் தானாக வரவழைப்பதே சரி. தசமத்துக்குப் பின் ஓர் இலக்கம் போதும்.

இன்னொன்று, "பிடிஎஃப்" என்ற சொல் எல்லாவற்றையும் சொல்லிவிடுவதில்லை. அளவைக் குறைத்த பிறகும் எங்கள் உர அட்டவணை வெறும் படம்தான்; எழுத்துணரி கொண்டு உரையாக மாற்றாதவரை திரைவாசிப்பானுக்கு அதில் படிக்க ஒன்றும் இல்லை. ஆகவே அத்தகைய கோப்புகளுக்கு "பிடிஎஃப், ஸ்கேன் நகல், 2.4 எம்பி" என்று எழுதத் தொடங்கியிருக்கிறோம். உர அட்டவணையை முழுவதும் புதிதாகத் தட்டச்சு செய்யும் வேலையும் நடக்கிறது.