கஞ்சி வேட்டிக்கு எது, ஜார்ஜெட்டுக்கு எது: இஸ்திரிப் பெட்டியும் ஸ்டீமரும்

கடைக்குப் போகும்முன் அலமாரியைத் திறந்து பாருங்கள். கஞ்சி போட்ட வேட்டியும் காட்டன் சட்டையும்தான் அதிகம் என்றால் ஸ்டீமர் வேண்டாம். பருத்தியில் சுருக்கம் போக ஈரம், சூடு, அழுத்தம் மூன்றும் வேண்டும். தொங்கவிட்ட துணியை ஸ்டீமரால் அழுத்த முடியாது. கஞ்சியின் மொடமொடப்பையும் ஆவி தளர்த்திவிடும். பேன்டில் மடிப்பும் கத்தி போல் விழாது. இதற்கெல்லாம் கொஞ்சம் கனமான, 1000 வாட் சாதாப் பெட்டியே போதும். தண்ணீர் தெளித்து, சற்று நேரம் சுருட்டி வைத்துவிட்டுத் தேய்க்க வேண்டும், அவ்வளவுதான்.

ஜார்ஜெட், ஷிஃபான், சுடிதார் என்று மெல்லிய துணிகளாக இருந்தால் கதை வேறு. அங்கே 1300 வாட்டுக்கு மேற்பட்ட ஸ்டீமர் நல்ல தேர்வு. ஆனால் ஆரம்பத்தில் வரும் ஆவியோடு நீர்த்துளியும் தெறிக்கும். பட்டில் பட்டால் கறை நிற்கும். முதல் ஆவியை வேறு பக்கம் விட்டுவிட்டு, பட்டுக்கு உள்பக்கமாகவே காட்டுங்கள்.

இரண்டுக்கும் நடுவே ஸ்டீம் அயர்ன். இங்கேதான் வாட் கணக்கு முக்கியம். துணியில் படும் சூட்டின் அளவைத் தெர்மோஸ்டாட் பார்த்துக்கொள்ளும். ஈரத்துணி இழுத்துக்கொண்ட சூடு எவ்வளவு சீக்கிரம் திரும்பும் என்பதைத்தான் வாட் சொல்கிறது. நிமிடத்துக்கு 20 கிராம் ஆவி என்று பெட்டியில் போட்டிருந்தால், அந்தத் தண்ணீரை ஆவியாக்கவே சுமார் 860 வாட் போய்விடும். 1250 வாட் அயர்னில் தட்டைச் சூடாக வைத்திருக்க மிஞ்சுவது 400 வாட்டுக்கும் குறைவு. தொடர்ந்து ஆவி விட்டால் தட்டு ஆறி, ஓட்டை வழியே தண்ணீர் சொட்டும். 2000 வாட்டில் இந்தத் தொல்லை குறைவு. ஆனால் அது 230 வோல்ட்டில் ஏறக்குறைய 9 ஆம்பியர் இழுக்கும்; 6 ஆம்பியர் பாயிண்டில் போடக் கூடாது, 16 ஆம்பியர் பாயிண்ட் வேண்டும்.

சொட்டுவதற்கு இன்னொரு காரணம் டயல். ஒரு புள்ளி நைலான் போன்ற செயற்கை இழைக்கு, ஏறத்தாழ 110 டிகிரி. இரண்டு புள்ளி பட்டுக்கும் கம்பளிக்கும், 150. மூன்று புள்ளி பருத்திக்கு, 200. பல ஸ்டீம் அயர்ன்களில் ஒரு புள்ளிச் சூட்டில் தண்ணீர் முழுதாக ஆவியாகாது. பாலியஸ்டர் கலந்த காட்டன் சட்டையைப் பருத்தி என்று எண்ணி மூன்றில் தேய்த்தால் பளபளப்புத் தட்டும். கலப்பில் எது சூடு தாங்காதோ அதற்கு ஏற்றபடி வையுங்கள்.

அடித்தட்டில் என் ஓட்டு நான்ஸ்டிக்குக்கு, அதுவும் கஞ்சித் துணிக்காக. ஸ்டீல் தட்டில் கஞ்சி ஒட்டிக் கருகி, அடுத்த வெள்ளைச் சட்டையில் பழுப்புக் கோடு இழுக்கும். நான்ஸ்டிக்கில் ஆறியபின் ஈரத்துணியால் துடைத்தால் போய்விடும். ஜிப், உலோகப் பொத்தான் மேல் மட்டும் ஓட்டாதீர்கள், பூச்சு கீறிவிடும்.

ஆவி வரும் எதை வாங்கினாலும் உப்புக் கரிக்கும் போர்வெல் தண்ணீரை ஊற்றாதீர்கள். ஓட்டைகளில் வெள்ளையாகப் பொடி தெரிந்தால் அடைப்பு தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.