யாரும் திறந்து பார்க்காத மென்பொருள்: விஷுவல் சி++ ரன்டைம்களோடு எட்டு வருடம்

தாராவியிலும் மாட்டுங்காவிலும் உள்ள சின்னக் கடைகளின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வது என் பிழைப்பு. 2017-இல் தொடங்கியதிலிருந்து இன்றுவரை என் பென் டிரைவில் மாறாமல் இருக்கும் ஒரே ஃபோல்டரின் பெயர் vc. மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் விஷுவல் சி++ ரன்டைம் பேக்கேஜ்களை அதில் வைத்திருக்கிறேன். விஷுவல் சி++ கொண்டு எழுதிய ப்ரோகிராம்கள் ஓடுவதற்குத் தேவையான dll என்ற பொதுத் துணைக் கோப்புகளை விண்டோஸில் போட்டுவைப்பதுதான் இவற்றின் வேலை. இவற்றுக்கு ஐகான் கிடையாது, திறந்து பார்க்க ஒரு திரை கிடையாது. போட்டுவிட்டால் அதோடு மறந்துவிடலாம். இல்லாமல் போகும் நாளில்தான் பெயர் வெளியே வரும், அதுவும் ஒரு பிழைச் செய்தியில்.

போன வருட மழைக்காலத்தில் நடந்ததைச் சொன்னால் விஷயம் புரிந்துவிடும். 90 அடி ரோட்டுக்குப் பின்னால் ஒரு அண்ணாச்சி தோல் பெல்ட்டும் பர்ஸும் செய்கிறார். தோலில் கம்பெனி முத்திரை பொறிக்க ஒரு லேசர் மெஷின் வைத்திருக்கிறார். அதை ஓட்டும் ப்ரோகிராம் மெஷினோடு வந்தது, பத்து வருடப் பழசு. பழைய கம்ப்யூட்டருக்குள் தண்ணீர் இறங்கிவிட்டதால் லேமிங்டன் ரோட்டில் விண்டோஸ் 11 போட்ட புதுசு ஒன்றை வாங்கினார். ப்ரோகிராம் ஃபோல்டரை அப்படியே காப்பி செய்து திறந்தால், MSVCP120.dll கிடைக்கவில்லை, அதனால் தொடர முடியாது, ப்ரோகிராமை மறுபடி இன்ஸ்டால் செய்து பாருங்கள் என்று ஒரு பெட்டி.

அண்ணாச்சியின் அக்கா மகன் கல்லூரியில் படிக்கிறவன், சும்மா இருப்பானா? அந்தப் பெயரைத் தேடி, dll கோப்புகளைத் தனித்தனியாக அள்ளிக் கொடுக்கும் ஒரு தளத்திலிருந்து இறக்கி, System32 ஃபோல்டரில் போட்டான். கோப்பு கண்ணெதிரே இருக்கிறது, ஆனாலும் கிடைக்கவில்லை என்று அதே பெட்டி. சரி, இது 64 பிட் கம்ப்யூட்டர், கோப்பும் 64 பிட்டாக இருக்க வேண்டும் போல என்று வேறொன்றை இறக்கி ப்ரோகிராம் ஃபோல்டரிலேயே போட்டான். இப்போது செய்தி மாறியது: 0xc000007b. அப்புறம் நண்பன் ஒருவன் போனில் சொன்னான் என்று, 2015-2022 என்று பெயர் போட்ட புதிய விஷுவல் சி++ பேக்கேஜின் x64 பதிப்பை இன்ஸ்டால் செய்தான். அதே 0xc000007b. அதன் பிறகுதான் எனக்குப் போன் வந்தது. "தம்பி, மெஷினே போச்சா?" என்று கேட்டார் அண்ணாச்சி.

மெஷினுக்கு ஒன்றுமில்லை. பையன் செய்த மூன்றுமே விவரமில்லாதவன் செய்யும் வேலையும் இல்லை. ஒவ்வொன்றிலும் ஒரு பாதி சரி.

முதலில் அந்த 120. விஷுவல் சி++ கோப்புகளின் பெயரிலேயே எந்த வருடத்துப் பேக்கேஜ் வேண்டும் என்பது இருக்கிறது. 100 என்றால் 2010, 110 என்றால் 2012, 120 என்றால் 2013. 130 என்று ஒன்று கிடையாது. 140 என்றால் 2015. அதற்குப் பின் வந்த 2017, 2019, 2022 பதிப்புகளும் அதே 140 என்ற பெயரையே வைத்துக்கொண்டதால் இந்த நான்குக்கும் சேர்த்து ஒரே பேக்கேஜ் போதும். அதற்கு முந்தையவை அப்படியில்லை. 2013-க்கு எழுதிய ப்ரோகிராம் 2013-இன் கோப்பைத்தான் கேட்கும், புதிய பேக்கேஜில் அது இருக்காது. புதுசு பழசையும் சேர்த்துக்கொள்ளும் என்று நினைப்பது இயல்புதான், இங்கே அது செல்லாது. பையனின் மூன்றாவது முயற்சி இதில்தான் தவறியது.

அடுத்தது பிட் கணக்கு. இதில் பார்க்க வேண்டியது ப்ரோகிராமை, கம்ப்யூட்டரை அல்ல. 64 பிட் விண்டோஸில் 32 பிட் ப்ரோகிராம் தாராளமாக ஓடும், ஆனால் தனக்குள் 32 பிட் dll-ஐ மட்டுமே ஏற்றிக்கொள்ளும். பழைய மெஷின் ப்ரோகிராம்களில் நான் பார்த்தவை அநேகமாக 32 பிட்தான். அனுமானம் வேண்டாம் என்றால் exe கோப்பை நோட்பேடில் திறந்து பாருங்கள். முழுக்கக் கிறுக்கலாக இருக்கும். ஆரம்பத்தில் MZ என்று வரும், கொஞ்சம் தள்ளி DOS என்ற சொல்லோடு ஒரு ஆங்கில வரி இருக்கும், அதையும் தாண்டினால் PE என்ற இரண்டு எழுத்துகள். அதற்குப் பின்னால் L வந்தால் 32 பிட், சின்ன d வந்தால் 64 பிட். பார்த்த பிறகு சேமிக்காமல் மூட வேண்டும். கை தவறி Ctrl+S அழுத்திவிட்டால் அந்த exe அதோடு முடிந்தது. அதனால் ஒரு காப்பி எடுத்து அதைத் திறப்பதுதான் என் வழக்கம். அண்ணாச்சியின் ப்ரோகிராமில் L இருந்தது.

இப்போது System32 புதிர். 64 பிட் விண்டோஸில் System32 என்பது 64 பிட் கோப்புகள் குடியிருக்கும் இடம். 32 பிட் கோப்புகள் இருப்பது SysWOW64 என்ற ஃபோல்டரில். ஆமாம், பெயர்கள் தலைகீழாகத்தான் இருக்கின்றன. பழைய ப்ரோகிராம்கள் System32 என்ற பெயரையே நம்பி எழுதப்பட்டதால் அந்தப் பெயரை மாற்றாமல் விட்டுவிட்டார்கள். 32 பிட் ப்ரோகிராம் ஒன்று System32-இன் கதவைத் தட்டினால் விண்டோஸ் சத்தமில்லாமல் அதை SysWOW64-க்குத் திருப்பிவிடும். பையன் முதலில் இறக்கியது உண்மையில் சரியான 32 பிட் கோப்பு. வைத்த இடம்தான் அந்த ப்ரோகிராமின் கண்ணுக்கே படாத இடம். இரண்டாவதாக வைத்த இடம் சரி, கோப்பு 64 பிட். ப்ரோகிராம் அதைக் கண்டுபிடித்து ஏற்றப் பார்த்து முடியாமல் கக்கியதுதான் 0xc000007b. கிடைக்கவில்லை என்ற செய்தி இந்த எண்ணாக மாறினால், கோப்பு வந்துவிட்டது, பிட் பொருந்தவில்லை என்று முதலில் சந்தேகப்படலாம். கோப்பே பழுதாக இருந்தாலும் இந்த எண் வரும்.

நான் செய்தது இவ்வளவுதான். பையன் வைத்த இரண்டு கோப்புகளையும் முதலில் அழித்தேன். ப்ரோகிராம் dll-ஐத் தேடும்போது பெரும்பாலும் தன் சொந்த ஃபோல்டரில்தான் முதலில் பார்க்கும். எங்கிருந்தோ வந்த கோப்பு அங்கே கிடந்தால், பிட் பொருந்தினாலும், முறையாக இன்ஸ்டால் ஆனதை விட்டுவிட்டு அதைத்தான் எடுக்கும். அதற்குள் என்ன இருக்கிறது என்பது யாருக்குத் தெரியும்? அப்புறம் 2013 பேக்கேஜின் vcredist_x86.exe-ஐ ஓட்டினேன். x86 என்றால் 32 பிட். 10 எம்பி கூட இல்லாத கோப்பு, அரை நிமிடத்தில் முடிந்தது. கட்டளைத் திரையில் இப்படிச் சரிபார்த்தேன்:

```
dir C:\Windows\System32\msvcp120.dll
dir C:\Windows\SysWOW64\msvcp120.dll
```

முதல் வரிக்குக் கோப்பு இல்லை என்றும், இரண்டாவதற்கு இருக்கிறது என்றும் பதில் வந்தது. அப்படித்தான் வர வேண்டும். ப்ரோகிராம் திறந்தது. MSVCR120.dll என்ற இன்னொரு கோப்பும் இதற்குத் தேவை. அது அதே பேக்கேஜில் கூடவே வந்துவிட்டது. ஒவ்வொரு dll-ஆகத் தேடி இறக்குகிறவர்கள் ஒன்று முடிந்தால் அடுத்தது என்று மாலை வரை உட்கார்ந்திருப்பது இதனால்தான்.

இத்தனை வருடத்தில் இந்தப் பேக்கேஜ்கள் தாமாகக் கெட்டுப்போய் நான் பார்த்ததில்லை. கெடுப்பது நாம்தான், அதில் நானும் உண்டு. மாட்டுங்காவில் ஒரு துணிக்கடைக் கம்ப்யூட்டரில் இடம் போதவில்லை என்று ப்ரோகிராம் பட்டியலைப் பார்த்தேன். Microsoft Visual C++ என்று பத்துப் பன்னிரண்டு வரிகள். எல்லாம் ஒரே சரக்கின் நகல்கள் என்று எண்ணி, கடைசி இரண்டை மட்டும் விட்டுவிட்டு மீதியை நீக்கினேன். மறுநாள் காலையில் விலைச்சீட்டு அச்சடிக்கும் ப்ரோகிராம் MSVCR100.dll கேட்டு நின்றுவிட்டது. தீபாவளிக்கு முந்தைய வாரம் வேறு. வாங்கிய திட்டை இங்கே எழுத முடியாது. அந்த வரிகள் நகல்கள் இல்லை: வருடத்துக்கு ஒன்று, பிட்டுக்கு ஒன்று. எல்லாவற்றையும் நீக்கியும் மிச்சமான இடம் ஒரு சின்ன வீடியோவுக்குக்கூடக் காணாது.

140 விஷயத்திலும் ஒரு சிக்கல் உண்டு. 2015 பேக்கேஜ் ஏற்கெனவே இருக்கும், புதிதாக வாங்கிய 64 பிட் ப்ரோகிராம் VCRUNTIME140_1.dll இல்லை என்று சொல்லும். கடைசியில் ஒட்டியிருக்கும் அந்த _1 முக்கியம். அது 2019 காலத்தில் சேர்க்கப்பட்ட தனிக் கோப்பு, பழைய 2015 பேக்கேஜில் இருக்காது. புதிய x64 பேக்கேஜை மேலே போட்டால் போதும், பழசை நீக்க வேண்டியதில்லை. இதை நான் எடுக்கும் முகவரிகள்:

```
https://aka.ms/vs/17/release/vc_redist.x64.exe
https://aka.ms/vs/17/release/vc_redist.x86.exe
```

64 பிட் விண்டோஸ் என்றால் இரண்டையும் போட்டுவிடுவேன். ஒன்றையொன்று தொந்தரவு செய்யாது. இதற்குப் பிறகு ஏதாவது ப்ரோகிராமின் இன்ஸ்டாலர் தன்னோடு கொண்டுவந்த பழைய 140 பேக்கேஜைப் போடப் பார்த்து 0x80070666 என்று நின்றால் பயப்பட வேண்டாம். அதைவிடப் புதியது ஏற்கெனவே இருக்கிறது என்பதுதான் அதன் பொருள்.

குறை என்று சொன்னால் ஒன்று. பிழைப் பெட்டியில் கோப்பின் பெயர் மட்டுமே வருகிறது, 32 பிட்டா 64 பிட்டா என்று வருவதில்லை. அந்த ஒரு சொல் இருந்திருந்தால் அண்ணாச்சிக்கு ஒரு நாள் வேலை மிச்சமாகியிருக்கும். 2013 பேக்கேஜுக்கான ஆதரவு 2024 ஏப்ரலோடு முடிந்துவிட்டது, இனி அதற்குத் திருத்தங்கள் வராது. ஆனாலும் அதை நம்பி ஓடும் மெஷின்கள் தாராவியில் நிறைய இருப்பதால் பென் டிரைவிலிருந்து எடுக்க எனக்கு மனமில்லை.

பென் டிரைவால் தீராத ஒன்றும் ஒருமுறை வந்தது. எம்பிராய்டரி கடை ஒன்றுக்கு மெஷின் விற்றவர்கள் புதிதாக அனுப்பிய ப்ரோகிராம் VCRUNTIME140D.dll கேட்டது. x86 போட்டேன், x64 போட்டேன், அசையவில்லை. அந்த D-யைக் கவனிக்க எனக்கு முக்கால் மணி நேரம் ஆனது. ப்ரோகிராம் எழுதுகிறவர்கள் தங்கள் மேஜையில் வைத்துச் சோதிக்கும்போது பயன்படுத்தும் கோப்பு அது. மற்றவர்களுக்குக் கொடுக்க அனுமதி இல்லாததால் எந்தப் பேக்கேஜிலும் இருக்காது. பிழைப் பெட்டியைப் படம் எடுத்து, சோதனைப் பதிப்பை மாற்றி அனுப்பிவிட்டீர்கள், வாடிக்கையாளருக்கான பதிப்பை அனுப்புங்கள் என்று அவர்களுக்கே எழுதினேன். இரண்டு நாள் கழித்து வேறு exe வந்தது. அது முதல் கிளிக்கிலேயே திறந்துகொண்டது.