பிஎஸ்5-க்கு ப்ளூடூத் ஹெட்போன்: டிரான்ஸ்மிட்டரை எங்கே செருகுவது?

எனக்கு விளையாட நேரம் கிடைப்பதே இரவு பத்து மணிக்கு மேல், பிள்ளைகள் தூங்கிய பிறகுதான். டிவி சத்தம் வைக்க முடியாது. கையில் நல்ல ப்ளூடூத் ஹெட்போன் இருக்கிறது. ஆனால் பிஎஸ்5 அதை ஏற்காது. கன்ட்ரோலருக்குப் ப்ளூடூத் உண்டு, கீபோர்டுக்கு உண்டு, ஒலிக்கு மட்டும் இல்லை. எக்ஸ்பாக்ஸிலும் இதே கதைதான். நின்டெண்டோ ஸ்விட்சுக்கு மட்டும் 2021-இல் ஓர் அப்டேட் மூலம் அந்த வசதி வந்தது.

ஆகவே நடுவில் ஒரு டிரான்ஸ்மிட்டர் வேண்டும். அதைச் செருக மூன்று இடங்கள் உண்டு: டிவியின் ஆப்டிக்கல் துளை, கன்ட்ரோலரின் 3.5 மி.மீ. ஜாக், கன்சோலின் யுஎஸ்பி. மூன்றையும் பார்த்துவிட்டு யுஎஸ்பியில் வந்து நின்றவன் நான். அந்தப் பக்கம் சாய்ந்துதான் எழுதுகிறேன்.

டிவி வழியின் லாபம், டிவியில் ஓடும் எல்லாமே ஹெட்போனுக்கு வரும். சில டிவிகளில் ஸ்பீக்கரும் கூடவே ஒலிக்கும் என்பதால் காது மந்தமான பெரியவர்கள் உள்ள வீட்டுக்கு இது அருமை. முதல் நாள் எனக்கு ஒரு சத்தமும் வரவில்லை. டிவி டால்பியாக அனுப்பிக்கொண்டிருந்தது, பெரும்பாலான டிரான்ஸ்மிட்டர்களுக்கு அது புரியாது. டிவியின் ஒலி அமைப்பில் டிஜிட்டல் அவுட்புட்டை PCM என்று மாற்றியதும் சரியானது. ஆனால் கேமுக்கு இது சுற்றுவழி. ஒலி கன்சோலிலிருந்து டிவிக்குப் போய், அங்கே கொஞ்சம் தாமதித்து, அப்புறம்தான் டிரான்ஸ்மிட்டருக்கு வருகிறது.

கன்ட்ரோலர் ஜாக்கில் தொங்கும் சின்ன டிரான்ஸ்மிட்டர் விலை குறைவு. பிஎஸ்5, எக்ஸ்பாக்ஸ் இரண்டுக்கும் ஒத்துப்போகும். எக்ஸ்பாக்ஸ் சாதாரண யுஎஸ்பி ஆடியோ கருவிகளை ஏற்பதில்லை என்பதால், அவர்களுக்கு இதுவோ டிவி வழியோதான் மிச்சம். பிஎஸ்5-இல் இது கொஞ்சம் வேடிக்கையான பயணம். கன்சோலிலிருந்து கன்ட்ரோலருக்குக் கம்பியில்லாமல் வந்த ஒலி, அங்கே அனலாக்காகி, டிரான்ஸ்மிட்டரில் மறுபடி டிஜிட்டலாகி, மறுபடி காற்றில் பறக்கிறது. அமைதியான காட்சிகளில் லேசாக ஓர் இரைச்சல் கேட்கும். கன்ட்ரோலரில் வால்யூமை முழுக்க வைத்தால் வெடிச்சத்தம் உடைந்து வரும்; முக்கால் அளவில் நிறுத்துவது நல்லது. டிரான்ஸ்மிட்டருக்குத் தனியாக சார்ஜ் வேறு போட வேண்டும். எனக்குப் பொறுமை இல்லை.

யுஎஸ்பி டிரான்ஸ்மிட்டர் வேறு மாதிரி. ப்ளூடூத் என்ற பேச்சே பிஎஸ்5-க்குத் தெரியாது; ஏதோ ஒரு யுஎஸ்பி ஹெட்செட் செருகப்பட்டிருக்கிறது என்று நினைத்துக்கொள்ளும். ஒலி டிஜிட்டலாகவே வருகிறது, மின்சாரம் கன்சோல் தருகிறது, ஹெட்போனுக்கான 3டி ஆடியோவும் வேலை செய்கிறது. வாங்கும்போது ஒரு கண்ணி உண்டு. யுஎஸ்பி முனை இருந்தும் அதில் மின்சாரம் மட்டும் எடுத்துக்கொண்டு, ஒலிக்கு 3.5 மி.மீ. கம்பி கேட்கும் டிரான்ஸ்மிட்டர்கள் நிறைய விற்கின்றன. பெட்டியில் ஆக்ஸ் கம்பி இருந்தால் சந்தேகப்படுங்கள். சரியானதைச் செருகினால் Settings > Sound > Audio Output-இல் அது ஹெட்செட்டாகத் தெரியும்.

இனி உண்மையான விஷயத்துக்கு வருகிறேன்: தாமதம். போனில் படம் பார்க்கும்போது இது பெரும்பாலும் தெரியாது, ஏனென்றால் வீடியோ ஆப்கள் படத்தையும் கொஞ்சம் தாமதப்படுத்தி ஈடுகட்டிவிடும். கேமில் அது முடியாது. பொத்தானை அழுத்திய நொடியில் சத்தம் வர வேண்டும். நான் முதலில் வாங்கிய மலிவான டிரான்ஸ்மிட்டரில் ஒலியைச் சுருக்கி அனுப்பும் முறைகளில், அதாவது கோடெக்குகளில், அடிப்படையான எஸ்பிசி மட்டும்தான் இருந்தது. கால்பந்து விளையாடியபோது ஒன்றும் தோன்றவில்லை. துப்பாக்கி கேமில் உட்கார்ந்ததும், சுட்டு முடித்த பிறகு யாரோ பக்கத்து அறையில் சுடுவது போல் இருந்தது.

எவ்வளவு தாமதம் என்று வீட்டிலேயே அளக்கலாம். போனில் ஒலிப்பதிவை ஓடவிட்டு, கன்ட்ரோலருக்கும் ஹெட்போனின் காதுக்கும் நடுவில் வையுங்கள். மெனுவில் நின்று திசைப் பொத்தானை அழுத்தமாகத் தட்டுங்கள். பதிவைக் கணினியில் ஆடாசிட்டி என்ற ஒலி எடிட்டரில் திறந்தால் பொத்தானின் 'டக்' ஒரு மேடாகவும் மெனுவின் 'டிக்' அடுத்த மேடாகவும் தெரியும். நடுவில் உள்ள இடைவெளியைக் குறித்துக்கொள்ளுங்கள். முதலில் கம்பி இயர்போனைக் கன்ட்ரோலரில் செருகி ஒருமுறை அளந்து, அதைக் கழித்தால் மிஞ்சுவது ஏறக்குறைய ப்ளூடூத் கூட்டிய தாமதம். எனக்கு எஸ்பிசியில் சுமார் 200 மில்லிவினாடி வந்தது. 60 ஃபிரேமில் ஓடும் கேமில் அது 12 ஃபிரேம்! ஆப்ட்எக்ஸ் லோ லேட்டன்சி என்ற, தாமதம் குறைந்த கோடெக் உள்ள டிரான்ஸ்மிட்டருக்கு மாறியதும் 40-ஐ ஒட்டி இறங்கியது. இரண்டு, மூன்று ஃபிரேம்; என் காதுக்கு அது தெரிவதில்லை.

இந்த வித்தியாசம் கோடெக்கின் கணக்கு வேகத்தால் மட்டும் வருவதல்ல. சிக்னல் விட்டுவிட்டு வந்தாலும் பாட்டு அறுந்துவிடக் கூடாது என்று ஹெட்போன் கொஞ்சம் ஒலியை முன்கூட்டியே சேர்த்து வைத்துக்கொள்கிறது. பெரும்பகுதித் தாமதம் அந்தச் சேமிப்புதான். லோ லேட்டன்சி அதைச் சுருக்கிவிடுகிறது. அதனாலேயே சிக்னல் லேசாகத் தடைபட்டாலும் ஒலி அறுந்துவிடும். டிரான்ஸ்மிட்டரைக் கன்சோலின் பின்புறம் செருகியிருந்தபோது, நான் சோபாவில் சாய்ந்தாலே ஒலி விக்கியது. கன்சோலின் உடம்பும் டிவியும் குறுக்கே நின்றதுதான் காரணம். முன்பக்க யுஎஸ்பி-சி துளைக்கு மாற்றியதோடு பிரச்சினை போனது. உங்களுக்குப் போகவில்லை என்றால், ஒரு சாண் நீள எக்ஸ்டென்ஷன் கம்பி போட்டுப் பாருங்கள்.

இதில் கசப்பான பகுதி, கோடெக் இரண்டு முனையிலும் இருக்க வேண்டும். ஏர்பாட்ஸில் எஸ்பிசியும் ஏஏசியும்தான் உண்டு. சோனி டபிள்யூஎச்-1000எக்ஸ்எம்4-இல் கூடுதலாக எல்டாக் உண்டு, ஆப்ட்எக்ஸ் கிடையாது. அவற்றோடு எவ்வளவு விலை கொடுத்து டிரான்ஸ்மிட்டர் வாங்கினாலும் லோ லேட்டன்சி கிடைக்காது. புதிய ஹெட்போன்கள் பலவற்றில் ஆப்ட்எக்ஸ் அடாப்டிவ் வருகிறது. அது பழைய ஆப்ட்எக்ஸோடு பேசும், லோ லேட்டன்சியோடு பேசாது. அடாப்டிவ் ஹெட்போன் என்றால் அடாப்டிவ் டிரான்ஸ்மிட்டரே வாங்குங்கள். அந்த ஜோடியை நண்பர் வீட்டில் ஒரு மாலை மட்டும் கேட்டிருக்கிறேன். துப்பாக்கி கேமுக்குப் போதுமானதாகத்தான் பட்டது.

மைக் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். ஹெட்போனின் மைக்கைத் திறந்தால் ப்ளூடூத் போன்பேச்சு முறைக்குத் தாவிவிடும், கேம் ஒலி பழைய டெலிபோன் போல மங்கிவிடும். Settings > Sound > Microphone-இல் கன்ட்ரோலரின் மைக்கைத் தேர்ந்தெடுத்தால் தப்பிக்கலாம். கிரியேட்டிவின் பிடி-டபிள்யூ3 போன்ற யுஎஸ்பி டிரான்ஸ்மிட்டர்களோடு, கன்ட்ரோலர் ஜாக்கில் செருகும் குட்டி மைக் ஒன்றே வருகிறது.

உங்கள் ஹெட்போன் ஏஏசியோடு நிற்கும் ரகம், ஆனால் 3.5 மி.மீ. துளை உண்டு என்றால், டிரான்ஸ்மிட்டருக்குப் பணம் கட்டும் முன் ஹெட்போன் வந்த டப்பாவைத் தேடிப் பாருங்கள். அதோடு வந்த கம்பி அதில்தான் சுருண்டு கிடக்கும். கன்ட்ரோலரில் செருகினால் போதும்.