அசோலாவா, லெம்னாவா, சால்வினியாவா? இலைப் படமும் வேர்ப் படமும்

நவரைப் பட்டத்தில் காவேரிப்பாக்கம், ஆற்காடு பக்கம் ஏரிக் கால்வாய்களில் பச்சையும் செம்பழுப்புமாகச் சின்னச் செடிகள் மிதக்கும். ஊரில் எல்லாவற்றையும் பாசி என்றுதான் சொல்வார்கள். அதை வயலில் விடவோ மாட்டுக்குப் போடவோ நினைப்பவருக்கு அது அசோலா என்ற நீர்ப்பெரணியா என்பது முக்கியம். அசோலாவின் இலைக்குழிக்குள் வாழும் நீலப்பச்சைப் பாசிதான் காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துத் தருகிறது. அதே மாதிரி மிதக்கும் மற்றச் செடிகளான லெம்னாவுக்கோ சால்வினியாவுக்கோ அந்தத் துணை கிடையாது.

படம் எடுத்துப் பார்த்தே எது எது என்று பிரிக்கலாம், ஆனால் கரையில் நின்று எடுத்த படத்தை வைத்து எதையும் சொல்ல முடியாது. சிவப்பாக இருந்தால் அசோலா என்று பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். வெயில் உறைத்தாலும், பனி விழுந்தாலும், மணிச்சத்து குறைந்தாலும் அசோலா சிவக்கும். நிழலில் அதே செடி பச்சையாகவே இருக்கும். அதனால் நிறத்தை விட்டுவிட்டு இலை அமைப்பைப் பார்க்க வேண்டும். கிட்டே போய் எடுத்த படத்தில் அசோலா கிளை விட்டிருக்கும், கிளை முழுக்கப் பொடி இலைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும். லெம்னாவிலும் அதன் உறவுச் செடியான ஸ்பைரோடெலாவிலும் கிளையே இல்லை. தட்டையான வட்ட இலைகள் இரண்டு மூன்று ஒட்டிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். படம் தெளிவாக இருந்தால் அசோலாவைப் பிரிக்க இலையே போதும்.

லெம்னாவையும் ஸ்பைரோடெலாவையும் ஒன்றிலிருந்து ஒன்று பிரிக்கத்தான் வேர்ப் படம் வேண்டும். லெம்னாவின் ஒவ்வொரு இலைக்கும் ஒரே ஒரு வேர். ஸ்பைரோடெலாவுக்கு ஒரே புள்ளியிலிருந்து கொத்தாகப் பல வேர்கள் இறங்கும், இலையின் அடிப்பக்கம் பெரும்பாலும் ஊதாச் சிவப்பு. மேலிருந்து பார்த்தால் ஸ்பைரோடெலா கொஞ்சம் பெரியது, பெரும்பாலும் 5 முதல் 10 மில்லிமீட்டர். ஆனால் இளசாக இருக்கும்போது அளவை நம்ப முடியாது.

இங்கேதான் பலருடைய படம் கெட்டுப்போகிறது. செடியைத் தண்ணீரிலிருந்து தூக்கி உள்ளங்கையில் வைத்து எடுத்தால், ஈரத்தில் வேர்கள் ஒட்டிக்கொண்டு ஒரே இழையாகத் தெரியும். ஸ்பைரோடெலாவும் லெம்னா மாதிரி ஆகிவிடும். வெள்ளைத் தட்டில் அரை விரல் உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றி, செடியைக் கவிழ்த்துப் போட்டு, ஒரு நிமிடம் விட்டால் வேர்கள் தாமாகப் பிரியும். அளவு தெரியப் பக்கத்தில் ஒரு நெல்மணியை வைத்து, நிழலில் நின்று எடுங்கள். வேரே இல்லையென்றாலும் அசோலா இல்லை என்று அவசரப்பட வேண்டாம். சூடு தாங்காத அசோலா வேரை உதிர்த்துவிடும். பிறவியிலேயே வேரில்லாத உல்ஃபியா என்ற மிதவைச் செடியோ ரவை அளவுதான் இருக்கும்.

சால்வினியாவில் கதை தலைகீழ். அடியில் பழுப்பாகத் தொங்குவதைப் பார்த்து நல்ல வேர்க்கட்டு என்று நினைப்போம். அது வேரே இல்லை; நூலாகப் பிளந்த மூன்றாவது இலை. ஆகவே இதற்கு இலைப் படம்தான் நம்பகம். கணுவுக்கு இரண்டு மிதக்கும் இலைகள், அவற்றின் மேல்பக்கம் முழுக்க ரோமம். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் நனையாமல் உருண்டு நிற்கும். அந்தச் சொட்டோடு ஒரு படம் எடுத்துவிட்டால் சந்தேகமே வராது.

திமிரி பக்கத்து உறவுக்காரத் தம்பி ஒருவன், "அண்ணா, கால்வாயில அசோலா கிடைச்சிருக்கு, தொட்டியில வளர்த்து வயலுக்கு விடலாமா?" என்று மேலிருந்து எடுத்த ஒரு படத்தை அனுப்பினான். சிவந்த திட்டுகள், நடுவே பச்சை வட்டங்கள். தட்டில் கவிழ்த்து இன்னொன்று எடுக்கச் சொன்னேன். சிவந்தவற்றில் இலை அடுக்கும், கிளையில் தனித்தனியாகத் தொங்கும் வேர்களும் தெரிந்தன; அது அசோலா. பச்சை வட்டங்களின் அடி ஊதா, வேர் கொத்தாக இருந்தது, அது ஸ்பைரோடெலா. இரண்டும் கலந்து கிடந்தன. அப்படியே தொட்டியில் போட்டிருந்தால் இரண்டும் சேர்ந்தே பெருகியிருக்கும். ஒரு கைப்பிடி அசோலாவை மட்டும் பொறுக்கி, இரண்டு மூன்று முறை அலசி, தனி வாளியில் வைத்து, வட்ட இலை தலைகாட்டும்போதெல்லாம் எடுத்துவிடச் சொன்னேன்.

மாட்டுக்கும் போடலாமா என்று அப்புறம் கேட்டான். அதற்கு எந்தப் படமும் பதில் சொல்லாது. இந்த மிதவைச் செடிகள் தண்ணீரிலுள்ள குரோமியம் போன்ற உலோகங்களை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். ராணிப்பேட்டை, வாணியம்பாடி பக்கம் தோல் பதனிடும் கழிவு கலக்கும் நீரில் வளர்ந்தது என்றால், அது சரியான அசோலாவாகவே இருந்தாலும் தீவனத்துக்கு வேண்டாம். சுத்தமான கிணற்று நீரில் வளர்த்தவரிடமிருந்து விதை அசோலா வாங்கிக்கொள்வதே நல்லது என்று சொல்லிவிட்டேன்.