காலை 11.30 மணிக்குச் சிவப்பாகத் தெரியும் எண்: ஃபோனில் கடைக் கணக்கு பார்ப்பது பற்றி, ஓராண்டுப் பயன்பாட்டுக்குப் பிறகு

பில்லிங் ஆப் எதுவாக இருந்தாலும் டாஷ்போர்டின் முதல் பக்கம் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் இருக்கிறது. மேலே பெரிய எழுத்தில் இன்றைய விற்பனை, அதன் பக்கத்தில் சின்னதாக ஒரு சதவீதம், கீழே 30 நாள் சார்ட், அதற்கும் கீழே வண்ண வண்ணமாக ஒரு பை சார்ட். முதல் வாரம் எல்லாவற்றையும் பார்ப்போம். மூன்றாவது மாதத்தில் அந்தப் பெரிய எண்ணை மட்டும் பார்த்துவிட்டு ஃபோனைப் பாக்கெட்டில் போட்டுவிடுவோம். ஓராண்டு கழித்தும் உண்மையில் பயன்படுபவை அந்த எண், அதோடு வரும் ஒப்பீடு, ஒரு வாரச் சார்ட் ஆகிய மூன்றுதான். அதனால் ஒரு ஆப்பை எடைபோட இந்த மூன்றையும் பார்த்தால் போதும்.

முதலில் அந்தச் சதவீதம். ஒரு செவ்வாய்க்கிழமை காலை 11.30 மணி என்று வைத்துக்கொள்வோம். இன்றைய விற்பனை 6,200. பக்கத்தில் சிவப்பில் ‘71% குறைவு’ என்று இருக்கிறது. நேற்று முழு நாள் விற்பனை 21,400. பாதிகூட ஆகாத இன்றைய நாளை ஆப் அதோடு ஒப்பிட்டிருக்கிறது. கடை நன்றாக ஓடும் நாளிலும் மதியம் வரை இந்த எண் சிவப்பாகத்தான் இருக்கும், மாலையில் தானாகப் பச்சையாகும். இரண்டு வாரத்தில் கண் அதைப் பொருட்படுத்தாமல் பழகிவிடும். பிறகு உண்மையிலேயே விற்பனை சரிந்த நாளிலும் அந்தச் சிவப்பு கண்ணில் படாது.

அமைப்புகளில் ‘கடந்த வாரம் இதே நாள், இதே நேரம் வரை’ என்ற ஒப்பீடு இருந்தால் உடனே அதற்கு மாற்றிவிடுங்கள். நேற்றோடு ஒப்பிடுவதைவிட இது ஏன் மேல் என்றால், பெரும்பாலான கடைகளுக்கு வார நாளுக்கு ஒரு போக்கு, வார இறுதிக்கு வேறொரு போக்கு. நம் உதாரணத்தில் போன செவ்வாய் 11.30 வரை 5,800. ஆக, இன்று சுமார் 7% கூடுதல். சிவப்பு பச்சையாகிவிட்டது.

ஆனால் இந்தப் பச்சையையும் அப்படியே நம்ப முடியாது. பில் எண்ணிக்கையையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். போன வாரம் அந்த நேரத்துக்குள் 40 பில், சராசரி 145. இன்று 31 பில், சராசரி 200. சராசரி திடீரென்று இவ்வளவு ஏறினால் பெரும்பாலும் ஒரே ஒரு மொத்த வாங்கல் உள்ளே இருக்கும். பில் பட்டியலைத் தொகை வாரியாக வரிசைப்படுத்தினால் முதல் வரியிலேயே தெரிந்துவிடும்: 1,800க்கு ஒரு பில். அதை எடுத்துவிட்டால் 30 பில்லுக்கு 4,400, சராசரி 147. வழக்கமாக வருபவர்கள் வழக்கமான அளவுக்கே வாங்கியிருக்கிறார்கள், வந்தவர்கள்தான் குறைவு. விற்பனைத் தொகை ஏறியதாகக் காட்டும் நேரத்தில் கடைக்கு வருபவர்கள் எண்ணிக்கை கால்வாசி குறைந்திருக்கிறது.

இதற்காக உடனே பதறவும் வேண்டியதில்லை. சராசரியாக 40 பில் விழும் நேரத்தில் ஆறேழு கூடுவதும் குறைவதும் வெறும் தற்செயல். ஒன்பது குறைந்தது கவனிக்க வேண்டியது, அவ்வளவுதான். இரண்டு மூன்று நாள் தொடர்ந்து அப்படியே இருந்தால் காரணம் தேடலாம். பில் எண்ணிக்கையைத் தொகைக்குப் பக்கத்திலேயே, அதே பக்கத்தில் காட்டும் ஆப்பையே எடுங்கள். இரண்டு தட்டல் தள்ளி வைத்திருந்தால் அதை யாரும் திறந்து பார்ப்பதில்லை.

ஆப்பில் இந்த ஒப்பீடே இல்லையென்றால், பில் விவரம் கூகுள் ஷீட்ஸுக்குத் தானாகப் போய்ச் சேரும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். A பத்தியில் பில் போட்ட தேதியும் நேரமும், B பத்தியில் தொகை இருந்தால் இவ்வளவு போதும்:

```
=SUMIFS(B:B, A:A, ">="&TODAY())
=SUMIFS(B:B, A:A, ">="&TODAY()-7, A:A, "<="&NOW()-7)
```

முதல் வரி இன்றைய விற்பனை, இரண்டாவது போன வாரம் இதே நேரம் வரை. `SUMIFS(B:B,` என்ற பகுதியை `COUNTIFS(` என்று மாற்றினால் பில் எண்ணிக்கை கிடைக்கும். விற்பனை நடந்திருந்தும் விடை 0 என்று வந்தால் தேதி எழுத்தாக இறங்கியிருக்கலாம். `=ISNUMBER(A2)` போட்டுப் பாருங்கள். FALSE என்று வந்தால் அதுதான் கோளாறு. ஷீட்டின் நேர மண்டலமும் கடையின் நேரமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு எண்களும் பார்க்கச் சரியாக இருக்கும், ஆனால் தவறாக இருக்கும்.

நேரம் பற்றிய இந்தக் கோளாறு ஆப்களிலும் உண்டு. கணக்கு நாள் எப்போது முடிகிறது என்பதைச் சில ஆப்கள் சர்வரின் நேரப்படி, அதாவது உலகப் பொது நேரப்படி வைத்திருக்கின்றன. கண்டுபிடிக்க எளிய வழி, மணிவாரிச் சார்ட்டைத் திறப்பது. கடை பூட்டியிருக்கும் நேரத்தில் விற்பனை நடந்ததாகக் காட்டினால் நேரம் தள்ளிப்போயிருக்கிறது. நள்ளிரவு தாண்டி பில் போடும் கடைகளுக்கு நாளின் முடிவை அதிகாலைக்கு மாற்றும் அமைப்பு வேண்டும். அது இல்லாத ஆப்பில் தினக் கணக்கு கல்லாவோடு ஒருபோதும் ஒத்துவராது.

இனி வாரச் சார்ட். சாதாரண ஃபோன் திரையின் அகலம், ஆப் எழுதுபவர்களின் அளவுகோலில், ஏறக்குறைய 360 டிபி. இரு பக்கமும் 16 இடைவெளி, இடப்பக்க அச்சு எண்களுக்கு 40 போனால் மிச்சம் 288. அதில் 30 நாளை அடைத்தால் ஒரு பட்டைக்கு 10கூடக் கிடைக்காது. விரலால் பிசகாமல் தொட ஆண்ட்ராய்டு வழிகாட்டி சொல்வது 48. அதனால்தான் 12ஆம் தேதியைத் தொட்டால் 14 திறக்கிறது. திறந்த சிறு பெட்டியும் விரலுக்கு அடியில் மறைந்துகொள்கிறது. 30 நாள் பட்டைச் சார்ட்டை ஃபோனில் ஓராண்டு பார்த்தாலும் ‘ஏறி இறங்கியிருக்கிறது’ என்பதைத் தவிர எதுவும் சொல்ல முடியாது.

நல்ல ஆப்கள் அச்சு எண்களையே எடுத்துவிட்டு, பட்டையின் தலையில் தொகையை எழுதிவிடுகின்றன. அப்போது 328 கிடைக்கிறது. 8 பட்டை போட்டால் ஒவ்வொன்றுக்கும் 41. பட்டையின் முழு உயரமும் தொடும் இடமாக இருந்தால் அது போதும். ஏன் 8? ஏழு பட்டை போட்டால் இன்றும் முந்தைய ஆறு நாளும்தான் வரும். ஒப்பிட வேண்டிய போன வாரத்து இதே கிழமை வெளியே நின்றுவிடும். எட்டாக்கினால் இடது ஓரத்தில் போன செவ்வாயும் வலது ஓரத்தில் இந்தச் செவ்வாயும் நிற்கும். இன்றைய பட்டை மட்டும் வெளிர் நிறத்திலோ கோடு போட்டோ இருக்க வேண்டும், நாள் இன்னும் முடியவில்லை என்று தெரிவதற்காக. முழு நிறத்தில் வரையும் ஆப்பில் தினமும் காலையில் கடை சரிந்ததுபோலவே தெரியும்.

பட்டைகள் பூஜ்யத்தில் தொடங்குகின்றனவா என்பதையும் பார்த்துவிடுங்கள். இடம் மிச்சம் பிடிக்கச் சில ஆப்கள் அடிப்பகுதியை வெட்டிவிடும். 18,000இல் தொடங்கும் சார்ட்டில் 19,000ஐவிட 21,000 மூன்று மடங்கு உயரமாக நிற்கும். உண்மை வித்தியாசம் பத்தில் ஒரு பங்குதான். அச்சு எண்களையும் எடுத்துவிட்ட ஆப்பில் இந்த வெட்டைப் பார்த்தவுடன் கண்டுபிடிக்க முடியாது. ஒரு நாள் தொகையைவிட ஏறக்குறைய இரு மடங்கு விற்ற நாளைத் தேடி, பட்டையும் இரு மடங்கு உயரமா என்று விரலால் அளந்து பார்ப்பதுதான் வழி.

தமிழ் இடைமுகத்தில் இன்னொரு தொல்லை. ‘செவ்வாய்’, ‘வியாழன்’ முழுதாக வைத்தால் எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும், இல்லையேல் சாய்த்து எழுதிக் கழுத்தை வளைக்க வைக்கும். தி, செ, பு, வி, வெ, ச, ஞா என்று சுருக்கினால் பொருந்துகிறது. ஆனால் சின்ன எழுத்தில் ‘வி’யும் ‘வெ’யும் பக்கத்துப் பக்கத்தில் குழப்பும். கீழே தேதியும் இருந்தால் இந்தச் சிக்கல் இல்லை.

தொகையைச் சுருக்குவதிலும் கவனம் வேண்டும். ‘1.2 லட்சம்’ என்பது 1,15,000 ஆகவும் இருக்கலாம், 1,24,999 ஆகவும் இருக்கலாம். நாம் தேடும் 7% மாற்றம் முழுக்க அந்தச் சுருக்கத்துக்குள் ஒளிந்துகொள்ளும். பட்டையின் தலையில் சுருக்கம் இருக்கட்டும். மேலே உள்ள பெரிய எண்ணை முழுதாகக் காட்டினால்தான் பயன்.

பை சார்ட்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எட்டு வகைச் சரக்கை எட்டு நிறத்தில் காட்டி, நிறக் குறிப்பைத் திரைக்குக் கீழே தள்ளிவிடுகிறார்கள். பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கிய ஐந்து கிடைப் பட்டைகளும் ‘மற்றவை’ என்று ஒன்றும் அதே வேலையைத் தெளிவாகச் செய்யும். சரக்கின் பெயரும் பட்டையின் மேலேயே பொருந்தும்.

பெரிய எண்ணில் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்பதை ஒரே ஒரு முறை சோதித்துவிடுங்கள். சின்னத் தொகைக்கு ஒரு பில் போட்டு, பிறகு அதையே ரிட்டர்ன் எடுங்கள். எண் பழைய இடத்துக்குத் திரும்பாவிட்டால் அது ரிட்டர்ன் கழிக்காத மொத்த விற்பனை. அதேபோல் ஒரு கடன் பில் போட்டுப் பாருங்கள். விற்பனையில் ஏறும், கல்லாவில் ஏறாது. இந்த இரண்டையும் தனித்தனி வரியாகக் காட்டாத ஆப்பில் இரவு கணக்கு முடிக்கும்போது வித்தியாசம் எங்கே என்று தேடவேண்டி வரும்.

‘கடைசியாகப் புதுப்பித்தது’ என்று நேரம் காட்டாத டாஷ்போர்டை இரண்டு கல்லா உள்ள கடையில் வைக்கவே கூடாது. ஒரு கல்லா இணையம் இல்லாமல் ஆஃப்லைனில் பில் போட்டுக்கொண்டிருந்தால் அதன் விற்பனை இங்கே வராது. பார்ப்பவருக்கு அது மந்தமான நாள்போலத் தெரியும். ஒவ்வொரு கல்லாவுக்கும் தனி நேரம் காட்டினால் இன்னும் நல்லது. எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே நேரம் காட்டும் ஆப், இணைப்பில் இருக்கும் கல்லாவின் நேரத்தைக் காட்டி மற்றதை மறைத்துவிடும்.

கடைசியாக ஒரு சோதனை, ஆப்பை வாங்கும் முன்பே செய்யலாம். ஃபோனின் எழுத்து அளவை மிகப் பெரிதாக்கிவிட்டு டாஷ்போர்டைத் திறந்து பாருங்கள். இடம் போதாமல் 1,18,400 என்பது ‘1,18,4…’ என்று வெட்டப்பட்டால் அந்த ஆப் வேண்டாம். புள்ளிகள் காட்டாமல் கடைசி இலக்கத்தை மட்டும் விழுங்கும் ஆப்களும் உண்டு. அங்கே அதே தொகை 1,18,40 என்று நிற்கும், அவசரத்தில் பார்ப்பவர் 11,840 என்று படித்துவிடுவார். அதே சோதனையை வெயிலில் நின்றும் ஒருமுறை செய்யுங்கள். வெளிர் சாம்பல் நிறத்தில் எழுதிய பில் எண்ணிக்கைதான் அங்கே முதலில் மறையும்.